பூஜ்ஜியம் காட்டும் 11 அஞ்சல் பகுதிகள்: ஏலத்தொகையைப் பாதியாக வெட்டலாமா?

மூன்றாம்படி · ஏப்ரல் 12, இரவு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் சேவை ஒன்றுக்கு கூகுள் தேடல் விளம்பரம் பார்த்துக்கொள்கிறேன். ஒரே நகரம், 42 அஞ்சல் பகுதிகள். ஏலத்தொகையை நானே கையால் வைக்கிறேன், தானியங்கி எதுவும் இல்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை 90 நாள் கணக்கை அஞ்சல் குறியீடு வாரியாக எடுத்தேன். 6,000 க்ளிக், 300 விசாரணை. அதாவது சராசரி 5%. ஒரு க்ளிக்குக்கு 20 அலகு, ஒரு விசாரணைக்கு 400 அலகு செலவு. (பணத்தின் பெயர் வேண்டாம், அலகு என்றே வைத்துக்கொள்வோம்.)

11 பகுதிகளில் ஒரு விசாரணை கூட வரவில்லை. அவற்றுக்கு −50% போடப் போகிறேன். மூன்று பகுதிகள் பிரமாதம், ஒன்றில் 22 க்ளிக்குக்கு 4 விசாரணை, 18%! அவற்றுக்கு +40%. இதில் என்ன தவறு இருக்க முடியும் என்று தோன்றுகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

ஊர்க்குருவி · ஏப்ரல் 12, இரவு

எனக்கும் இதே பிரச்சினை. நகரத்தின் தெற்கே தேடினால் என் கடை வரைபடத்தில் வரவே மாட்டேன் என்கிறது. முகவரியை மாற்றிப் பார்த்தேன், படங்கள் ஏற்றினேன், ஒன்றும் அசையவில்லை.

மூன்றாம்படி · ஏப்ரல் 12, இரவு

அது வேறு ஐயா. நான் கேட்பது காசு கொடுத்துப் போடும் விளம்பரம்.

வேகவண்டி · ஏப்ரல் 13, காலை

இந்தக் காலத்தில் யாராவது பகுதி பகுதியாக உட்கார்ந்து ஏலத்தொகை வைப்பார்களா? Target CPA போட்டுவிடுங்கள். எந்தப் பகுதியில் ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் வைக்கும் −50%, +40% அதற்கு மேல் கூடுதல் உதவி.

பழையகணக்கு · ஏப்ரல் 13, காலை

வேகவண்டி சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. Target CPA, Target ROAS மாதிரியான தானியங்கி ஏலத்தில் இடத்துக்கென்று நீங்கள் வைக்கும் சதவீதத்தை அது கண்டுகொள்வதே இல்லை. திரையில் +40% என்று கம்பீரமாக நிற்கும், வேலை ஒன்றும் செய்யாது. அங்கே இடத்தை வைத்து ஏதாவது செய்ய வேண்டுமென்றால் பகுதியையே விலக்க வேண்டும், அல்லது தனி கேம்பெயின் ஆக்கி வேறு இலக்கு கொடுக்க வேண்டும், அல்லது Target ROAS ஆக இருந்தால் விசாரணையின் மதிப்பை இடத்துக்கேற்ப மாற்றும் விதி எழுத வேண்டும்.

இவர் கையால் வைக்கிறார், ஆகவே சதவீதம் இங்கே வேலை செய்யும். −90% முதல் +900% வரை போகலாம்.

இப்போது அந்த 11 பகுதிகள். மூன்றாம்படி, ஒன்று சொல்லுங்கள்: அவற்றில் ஒவ்வொன்றிலும் எத்தனை க்ளிக்? அதே அளவுள்ள சின்னப் பகுதிகள் மொத்தம் எத்தனை?

மூன்றாம்படி · ஏப்ரல் 13, மதியம்

இப்போதுதான் எண்ணினேன். சின்னப் பகுதிகள் 24. எல்லாமே ஏறக்குறைய 19 க்ளிக் வாங்கியவை, 16-லிருந்து 23 வரை. அந்த 24-இல் 11 பூஜ்ஜியம். நான் மெச்சிய 18% பகுதியும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது, அதைக் கவனிக்கவில்லை.

மீதி 18 பகுதிகள் பெரியவை. க்ளிக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேதான்.

பழையகணக்கு · ஏப்ரல் 13, மாலை

சரி, இதைக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி, எங்கும் உண்மையான விகிதம் 5% என்று வைத்துக்கொள்வோம். ஒரு க்ளிக் விசாரணை ஆகாமல் போகும் வாய்ப்பு 0.95. 19 க்ளிக்கும் வரிசையாக வீணாகும் வாய்ப்பு 0.95-ஐ 19 தடவை பெருக்கினால் கிடைக்கும்: 0.377. இருபத்துநான்கு பகுதிகளுக்கு அதைப் பெருக்குங்கள். ஒன்பது.

அதாவது பகுதிகளுக்கு இடையே கடுகளவு வித்தியாசம் இல்லாவிட்டாலும் உங்கள் அட்டவணையில் ஏறத்தாழ 9 பூஜ்ஜியங்கள் தெரியும். உங்களுக்கு 11 தெரிகிறது. அதை வைத்து அந்தப் பகுதிகள் மோசம் என்று சொல்ல முடியாது. அடுத்த 90 நாளில் வேறு 9, 10 பகுதிகள் பூஜ்ஜியம் காட்டும், நீங்கள் அவற்றையும் வெட்டுவீர்கள். இப்படியே போனால் வருடக் கடைசியில் சின்னப் பகுதிகளில் பெரும்பாலானவை பாதி விலையில் இருக்கும்.

22 க்ளிக்குக்கு 4 என்பதும் இதே கதையின் மறுபக்கம்தான்.

சந்தேகப்பேர்வழி · ஏப்ரல் 13, இரவு

அப்படியானால் சின்னப் பகுதிகளைத் தொடவே கூடாதா? "போதிய தரவு இல்லை" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் ஒரு முடிவுதானே. எனக்கு அந்தப் பதில் எப்போதும் எரிச்சல் தரும்.

பழையகணக்கு · ஏப்ரல் 14, காலை

எரிச்சல் நியாயம்தான். கையைக் கட்ட வேண்டாம், எண்ணைச் சராசரியை நோக்கி இழுத்துக்கொண்டு முடிவெடுக்கலாம். நான் செய்வது: ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்கெனவே 200 க்ளிக், அதிலிருந்து சராசரியான 10 விசாரணை வந்ததாகப் பாவித்து, அதன் மேல் உண்மையான எண்ணைக் கூட்டுவேன்.

```
(விசாரணை + 10) / (க்ளிக் + 200)
```

19 க்ளிக், பூஜ்ஜியம்: 10-ஐ 219-ஆல் வகுத்தால் 4.6%. சராசரியைவிட 9% குறைவு. ஆக, −50% இல்லை, −9%. உங்கள் 18% நட்சத்திரம்: 14-ஐ 222-ஆல் வகுத்தால் 6.3%, அதாவது +26%. அதைக்கூட நானாக இருந்தால் பாதிதான் போடுவேன்.

க்ளிக் கூடக் கூட அந்தப் பாவனை 200 மெல்ல மெல்ல மறைந்துவிடும். 640 க்ளிக் வாங்கிய பகுதியில் அதன் சொந்தக் குரல்தான் கேட்கும்.

வேகவண்டி · ஏப்ரல் 14, காலை

அந்த 200 எங்கிருந்து வந்தது அண்ணா? 100 வைத்தால் வேறு விடை வருமே.

பழையகணக்கு · ஏப்ரல் 14, மதியம்

அண்ணா இல்லை, அக்கா.

நல்ல கேள்வி. பகுதிகள் ஒன்றுக்கொன்று உண்மையிலேயே எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பொறுத்தது. பெரிய பகுதிகளின் விகிதத்தைப் பார்த்து, தற்செயலால் வரும் ஆட்டத்தைக் கழித்துவிட்டு, மீதி ஆட்டம் சராசரியின் இருபக்கமும் 1.5 புள்ளி என்று தோன்றினால் 0.05 × 0.95 ÷ 0.015² = 211. இவர் நகரத்துக்கு அந்த 1.5 என் அனுபவ ஊகம்தான். பகுதிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் இந்த எண் பெரிதாகும், ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் இருந்தால் சிறிதாகும். 100-ஆ 200-ஆ என்று சண்டை போடுவது வீண். பூஜ்ஜியமாக வைப்பதுதான் ஆபத்து. இவ்வளவு நாள் எல்லோரும் செய்வது அதைத்தான்.

சந்தேகப்பேர்வழி · ஏப்ரல் 14, இரவு

ஊகம் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆனாலும் நான் சின்னப் பகுதிகளை அக்கம்பக்கத்தோடு சேர்த்து ஒரே கூட்டமாக ஆக்கிவிடுவேன். நான்கு பகுதி சேர்ந்தால் 76 க்ளிக், ஏதோ ஒரு உருவம் வரும்.

மூன்றாம்படி · ஏப்ரல் 15, மாலை

இரண்டு பேரும் சொன்னதைச் செய்து பார்த்தேன். உண்மையான பணம் இரண்டு பெரிய பகுதிகளில் இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

பகுதி 7: 640 க்ளிக், 19 விசாரணை. சூத்திரத்தில் போட்டால் 29/840, அதாவது 3.45%, −31%.

பகுதி 12: 510 க்ளிக், 39 விசாரணை. 49/710, 6.9%, +38%.

நான் 11 பூஜ்ஜியங்களைப் பற்றி இரண்டு நாள் தூக்கம் கெட்டேன். அவை மொத்தமாகச் சாப்பிட்டது பகுதி 7 சாப்பிட்டதில் மூன்றில் ஒரு பங்கு.

இன்னொன்று. கேம்பெயினின் மொத்த க்ளிக் 6,700 என்று இருக்கிறது. அஞ்சல் குறியீடு வாரியாகக் கூட்டினால் 6,000 தான். 700 எங்கே போனது?

பழையகணக்கு · ஏப்ரல் 15, இரவு

அந்த 700 பேர் நகரம் வரைக்கும்தான் அடையாளம் தெரிந்தவர்கள், அஞ்சல் பகுதி தெரியாதவர்கள். எந்தக் கணக்கிலும் இது இருக்கும். விட்டுவிடுங்கள், ஆனால் சராசரியைக் கணக்கிடும்போது 6,700-ஐயும் 6,000-ஐயும் கலக்காதீர்கள்.

பகுதி 7-ஐ வெட்டும் முன் ஒரு கேள்வி. அது நகரத்தின் நடுப்பகுதியா?

மூன்றாம்படி · ஏப்ரல் 15, இரவு

ஆமாம், அலுவலகங்கள் நிறைந்த இடம். குடியிருப்பு குறைவு. எப்படித் தெரிந்தது?

பழையகணக்கு · ஏப்ரல் 16, காலை

எல்லா நகரத்திலும் ஒரு பகுதி 7 உண்டு. அங்கே மூன்று வகை ஆட்கள் வந்து சேருவார்கள். ஒன்று, பகலில் வேலைக்கு வந்து, அங்கிருந்தே கைபேசியில் தேடுபவர்கள். இரண்டு, உண்மையில் வேறெங்கோ இருந்தும், அவர்கள் இணைய முகவரி வலையமைப்பின் நடுவாசலைக் காட்டுவதால் அங்கே எழுதப்படுபவர்கள். மூன்று, அந்த இடத்தின் பெயரைச் சேர்த்துத் தேடியவர்கள், அங்கே காலே வைக்காதவர்கள்.

மூன்றாவது வகையை மட்டும் பிரித்துப் பார்க்க முடியும். அறிக்கையை இப்படி எடுங்கள்:

```
SELECT segments.geo_target_postal_code,
  geographic_view.location_type,
  metrics.clicks, metrics.cost_micros,
  metrics.conversions
FROM geographic_view
WHERE segments.date BETWEEN
  '2025-01-01' AND '2025-03-31'
```

`location_type` நெடுவரிசையில் `LOCATION_OF_PRESENCE` என்றால் ஆள் அங்கே இருந்தார், `AREA_OF_INTEREST` என்றால் அந்த இடத்தில் ஆர்வம் காட்டினார், அவ்வளவுதான். செலவு பத்து லட்சத்தால் பெருக்கப்பட்டு வரும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

மூன்றாம்படி · ஏப்ரல் 16, இரவு

பயந்துதான் போனேன்.

பகுதி 7-இன் 640-இல் 150 க்ளிக் ஆர்வ வகை, அவற்றிலிருந்து 2 விசாரணை. அங்கே நேரில் இருந்தவர்கள் 490 க்ளிக், 17 விசாரணை. இப்போது சூத்திரம் 27/690, 3.9%, −22%. முதலில் வந்த −31% எங்கே, இது எங்கே.

இதற்கு ஏலத்தொகையே காரணமில்லை என்று தெரிந்தது. கேம்பெயின் அமைப்பில் `Presence or interest` என்பது தானாகவே தேர்வாகியிருந்தது. `Presence` என்று மாற்றிவிட்டேன்.

ஊர்க்குருவி · ஏப்ரல் 17, காலை

அவசரப்படாதீர்கள். எனக்கு வரும் நல்ல வாடிக்கையாளர்களில் சிலர் வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோர் வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்பவர்கள். அவர்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத்தான் தேடுவார்கள். `Presence` போட்டால் அவர்கள் எல்லாம் போய்விடுவார்கள்.

(வரைபடப் பிரச்சினை இன்னும் தீரவில்லை, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.)

மூன்றாம்படி · ஏப்ரல் 17, மதியம்

அது உண்மை. 150-க்கு 2 என்பதால் இப்போதைக்கு விடுகிறேன். அவர்களுக்கென்று தனியாக மலிவான கேம்பெயின் ஒன்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

வேகவண்டி · ஏப்ரல் 17, மாலை

க்ளிக் இடத்தையே நம்ப வேண்டாம். விசாரணை வந்ததும் வீட்டு முகவரி வாங்குவீர்கள்தானே? அந்த முகவரியின் அஞ்சல் குறியீட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். எந்தப் பகுதியில் நிறைய வீடு வருகிறதோ அங்கே ஏற்றுங்கள். சுத்தமான தரவு.

மூன்றாம்படி · ஏப்ரல் 18, இரவு

வேகவண்டி சொன்னதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. 300 விசாரணையில் 260-க்கு முகவரி கிடைத்தது. க்ளிக் விழுந்த பகுதியும் வீடு இருக்கும் பகுதியும் ஒன்றாக இருந்தவை 141. பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்!

பகுதி 7-இல் நேரில் இருந்து வந்த 17 விசாரணையில் வெறும் 4 வீடுகள்தான் பகுதி 7-இல். மீதி எல்லாம் சுற்றுப்புறம். முகவரிக் கணக்குப்படி பார்த்தால் பகுதி 7-க்கு 490 க்ளிக், 4 வீடு. ஒரு சதவீதம் கூட இல்லை. ஆக −80% போட வேண்டுமா?

பழையகணக்கு · ஏப்ரல் 19, காலை

வேண்டாம், வேண்டாம், கையை எடுங்கள்.

மேலே இருக்கும் 4 வீட்டின் முகவரியிலிருந்து வந்தது, கீழே இருக்கும் 490 க்ளிக் விழுந்த இடத்திலிருந்து வந்தது. வேறு வேறு கூட்டம். ஒன்றை மற்றொன்றால் வகுக்கக் கூடாது. நீங்கள் ஏலத்தொகை வைப்பது வீட்டுக்கு இல்லை, க்ளிக் செய்யும் நேரத்தில் ஆள் நிற்கும் இடத்துக்கு. பகுதி 7-இல் நின்றுகொண்டு க்ளிக் செய்த 490 பேரில் 17 பேர் கேட்டார்கள், அவர்கள் எங்கே குடியிருந்தால் என்ன? −80% போட்டால் அந்த 13 சுற்றுப்புற வீடுகளையும் சேர்த்து இழப்பீர்கள். அப்புறம் சுற்றுப்புறம் ஏன் படுத்துவிட்டது என்று வேறொரு இழை தொடங்குவீர்கள்.

ஏலத்தொகை என்றால் க்ளிக் இடம். முகவரி வேறொன்றுக்கு உதவும்: வேலை முடிந்ததா, ஆள் போக எவ்வளவு நேரம் ஆனது.

வேகவண்டி · ஏப்ரல் 19, மதியம்

சரி, ஒப்புக்கொள்கிறேன். முகவரி சுத்தம்தான், இந்தக் கேள்விக்குப் பொருந்தாது.

மூன்றாம்படி · ஏப்ரல் 20, காலை

பகுதி 7-க்கு −25%, பகுதி 12-க்கு +38% போட்டுவிட்டேன். சூத்திரம் −22% என்றது, நான் கொஞ்சம் உருட்டினேன். சின்னப் பகுதிகளை ஒன்றும் செய்யவில்லை. ஆறு வாரம் கழித்து வருகிறேன்.

ஊர்க்குருவி · ஏப்ரல் 22, இரவு

நானும் என் கணக்கில் இடச் சதவீதம் வைத்துப் பார்த்தேன். நகரம் முழுவதுக்கும் +20%, அதற்குள் ஒரு அஞ்சல் பகுதிக்கு −20%. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய பழைய தொகையே வரும் என்று நினைத்தேன். அந்தப் பகுதி தூங்கிவிட்டது.

பழையகணக்கு · ஏப்ரல் 23, காலை

இடத்துக்குள் இடம் வைத்தால் இரண்டும் பெருகாது. ஆகச் சின்ன இடத்துக்கு வைத்தது மட்டும் எடுபடும். உங்கள் பகுதி வெறும் −20%-இல் ஓடியது. சாதனத்துக்கு வைக்கும் சதவீதம் வேறு, அது இடத்துடன் பெருகும்.

மூன்றாம்படி · ஜூன் 3, இரவு

வந்துவிட்டேன். 42 நாள் கணக்கு. பழைய காலத்தையும் 42 நாளுக்குச் சுருக்கிக்கொண்டேன்.

பகுதி 12: முன்பு 238 க்ளிக், தலா 20 அலகு. இப்போது 262 க்ளிக், தலா 26 அலகு. விசாரணை 18-லிருந்து 19. ஒரு விசாரணைக்குச் செலவு 359. என் இலக்கு 400, ஆக இன்னும் இடம் இருக்கிறது. 400-ஐ 359-ஆல் வகுத்தால் 1.11. ஆகவே +38%-ஐ எடுத்துவிட்டு +11% போட்டேன்.

போட்டு ஒரு மணி நேரம் கழித்து உறைத்தது: இலக்குக்குக் கீழே இருக்கிறது என்றால் ஏற்ற வேண்டும், நான் இறக்கியிருக்கிறேன்!

வேகவண்டி · ஜூன் 3, இரவு

இது எனக்குத் தெரியும், நானே விழுந்த குழி. 359 என்பது ஏற்கெனவே +38% போட்ட பிறகு வந்த எண். புதிய 1.11-ஐ பழைய 1.38-ஆல் பெருக்க வேண்டும். 1.53. ஆக +53%. ஏற்றுங்கள்.

பழையகணக்கு · ஜூன் 4, காலை

பெருக்க வேண்டும் என்பது சரி. வேகவண்டி இந்த முறை கணக்கில் பிழை விடவில்லை. ஆனால் +53% போடாதீர்கள். மூன்றாம்படி தவறுதலாகப் போட்ட +11% தான் நல்ல விடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது போல.

சராசரி 359-ஐப் பார்க்காதீர்கள், கூடுதலாக என்ன கொடுத்தீர்கள், கூடுதலாக என்ன கிடைத்தது என்று பாருங்கள். முன்பு செலவு 238 × 20 = 4,760. இப்போது 262 × 26 = 6,812. கூடுதல் 2,052 அலகு. அதற்குக் கிடைத்தது 24 க்ளிக். ஒரு கூடுதல் க்ளிக் 85 அலகு! அந்தப் பகுதியின் விகிதம் 7% என்றால் ஒரு கூடுதல் விசாரணைக்கு 1,200 அலகுக்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள். 400 கொடுக்கத் தயாராக இருந்தவர் நீங்கள்.

விசாரணை எண்ணை விட்டுவிட்டு க்ளிக் எண்ணை ஏன் எடுத்தேன் என்றால், 18-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசம் தும்மினாலே வரும். 238-க்கும் 262-க்கும் உள்ளது அதைவிடக் கொஞ்சம் நம்பகமானது.

என்ன நடந்திருக்கும்? பகுதி 12-இல் உங்கள் விளம்பரம் ஏற்கெனவே மேலேதான் இருந்திருக்கும். மேலே இருப்பவர் ஏலத்தொகையைக் கூட்டினால் புதுக் கூட்டம் வராது, வருகிற அதே கூட்டத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பீர்கள். இதைச் சோதிக்க பகுதி 12-ஐ மட்டும் சில வாரம் தனி கேம்பெயினாக எடுத்து, search impression share, அதாவது தெரிந்திருக்கக்கூடிய தடவைகளில் எத்தனை சதவீதம் உங்கள் விளம்பரம் தெரிந்தது, எவ்வளவு என்று பாருங்கள். 90%-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் ஏற்றுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.

மூன்றாம்படி · ஜூன் 4, மதியம்

85 அலகு. இதை நான் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கட்டுப்பாட்டுப் பலகையில் பகுதி 12 பச்சை நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

பகுதி 7-க்கும் அதே மாதிரி போட்டேன். நேரில் இருந்தவர்களை மட்டும் எடுத்து, முன்பு 229 க்ளிக், 20 அலகு, 4,580. இப்போது 190 க்ளிக், 15.5 அலகு, 2,945. மிச்சம் 1,635. போனது 39 க்ளிக். 3.5% என்றால் ஒன்று, ஒன்றரை விசாரணை. ஒரு விசாரணையை விட்டுக்கொடுத்ததற்கு ஏறக்குறைய 1,200 அலகு கையில் வந்திருக்கிறது.

ஆக, வெட்டியது லாபம், ஏற்றியது நஷ்டம். நான் எதிர்பார்த்தது நேர் எதிர்.

சந்தேகப்பேர்வழி · ஜூன் 4, இரவு

ஜனவரி–மார்ச் காலத்தையும் ஏப்ரல்–ஜூன் காலத்தையும் ஒப்பிடுகிறீர்கள். பருவம் மாறியிருந்தால்? போட்டியாளர் யாராவது கடையை மூடியிருந்தால்? நீங்கள் தொடாத 40 பகுதிகளில் க்ளிக் எப்படி மாறியது என்று சொல்லுங்கள், அப்புறம் லாப நஷ்டம் பேசலாம்.

மூன்றாம்படி · ஜூன் 5, காலை

தொடாத பகுதிகளில் க்ளிக் 2% கூடியிருக்கிறது, ஒரு க்ளிக்கின் விலை அப்படியே. பகுதி 12-இல் 238 என்பது ஏற்றாமலே 243 ஆகியிருக்கும் என்றால், கூடுதல் க்ளிக் 24 இல்லை, 19. கணக்கு இன்னும் மோசமாகிறது.

பழையகணக்கு · ஜூன் 5, மாலை

இப்படித் தொடாத பகுதிகளை வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், நான் கேட்க மறந்துவிட்டேன். சந்தேகப்பேர்வழிக்கு நன்றி.

முகவரி எதற்கு உதவும் என்று ஏப்ரலில் சொன்னேனே, அதைச் செய்தீர்களா? விசாரணையா, முடிந்த வேலையா?

மூன்றாம்படி · ஜூன் 8, இரவு

செய்தேன், செய்யாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

க்ளிக் விழுந்த பகுதிகளைத் தூரத்தை வைத்து மூன்று வளையமாகப் பிரித்தேன், அந்தப் பழைய 90 நாள் கணக்குக்கே. வெளி வளையம்: 1,000 க்ளிக், 60 விசாரணை, 6%. உள் வளையம்: 2,600 க்ளிக், 120 விசாரணை, 4.6%. விசாரணையை மட்டும் பார்த்தால் வெளி வளையத்தில் ஏற்ற வேண்டும்.

ஆனால் வெளி வளையத்தின் 60-இல் 21 தான் முடிந்த வேலை. ஆள் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றதும் பாதிப் பேர் வேறு யாரையோ கூப்பிட்டுவிடுகிறார்கள். உள் வளையத்தில் 120-இல் 78. ஆகவே 100 க்ளிக்குக்கு வெளியே 2.1 வேலை, உள்ளே 3.0 வேலை. நகரம் முழுவதும் சேர்த்து 159 வேலை, 2.65. அப்படிப் பார்த்தால் வெளியே −21%, உள்ளே +13%.

இந்த மூன்று மாதமாக வெளி வளையத்தை ஏற்றச் சொல்லி எண்கள் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

வேகவண்டி · ஜூன் 9, காலை

தானியங்கியில் விட்டிருந்தால் அதுவும் வெளி வளையத்தைத்தான் துரத்தியிருக்கும், இல்லையா? அதற்கும் விசாரணை மட்டும்தானே தெரியும். நானே என் வாதத்தை உடைத்துக்கொள்கிறேன். முடிந்த வேலையின் கணக்கைக் கூகுளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் நான் சொன்னது சரி.

சந்தேகப்பேர்வழி · ஜூன் 9, மதியம்

வளையம் வேண்டாம், பயண நேரம் வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பகுதி நேர்கோட்டில் பக்கம், பாலம் சுற்றிப் போனால் தூரம். 21 வேலை என்பதும் சின்ன எண்தான், அக்கா சொன்ன அதே பாடம்.

பழையகணக்கு · ஜூன் 9, இரவு

பயண நேரம் நல்லது. ஆனால் பகுதி 7 மாதிரி இடங்களில் க்ளிக் செய்தவர் வீடு எங்கே என்று தெரியாமல் எந்தப் பயண நேரத்தை எடுப்பீர்கள்? எனக்கு இதற்கு நல்ல விடை இல்லை. நான் அந்த மாதிரிப் பகுதிகளை எந்த வளையத்திலும் சேர்க்காமல் தனியாக வைக்கிறேன்.

மூன்றாம்படி · ஜூன் 10, காலை

பகுதி 12-ஐ +10% ஆக்கினேன். வெளி வளையம் −15%, முழு −21% போடக் கை வரவில்லை. உள் வளையத்தை ஏற்றவில்லை, முதலில் தனி கேம்பெயினாக்கி impression share பார்க்கப் போகிறேன். பகுதி 7 −25%-இலேயே இருக்கட்டும், வளையத்துக்கு வெளியே.

18% நட்சத்திரத்தையும் எட்டிப் பார்த்தேன். இந்த 42 நாளில் 11 க்ளிக், விசாரணை இல்லை.

ஊர்க்குருவி · ஜூன் 10, மதியம்

வரைபடத்தில் வந்துவிட்டது! நான் ஒன்றுமே செய்யவில்லை.